இரத்தம் போகும் பாதையை வரிசைப்படுத்தும் கேள்விகள்: வரிசை எங்கே உடைகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு விடைத்தாளில் இருந்து தொடங்குகிறேன். கேள்வி இது: கீழ்ப்பெருஞ்சிரையில் இருக்கும் ஒரு சிவப்பணு, பெருந்தமனியை அடையும்வரை கடந்துசெல்லும் இடங்களை வரிசைப்படுத்துக. அதற்கு ஒரு மாணவி எழுதியிருந்த விடை:

கீழ்ப்பெருஞ்சிரை → வலது மேலறை → வலது கீழறை → நுரையீரல் சிரை → நுரையீரல் தந்துகிகள் → நுரையீரல் தமனி → இடது மேலறை → இடது கீழறை → பெருந்தமனி

ஒன்பது இடங்களில் ஏழு சரி. இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கின்றன. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, 'நுரையீரல் சிரை' என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் எழுதி அழித்த 'தமனி' தெரிந்தது. முதலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பிறகு யோசித்து, அழித்து, தவறாக மாற்றியிருக்கிறாள். கேட்டபோது அவள் சொன்ன காரணம்: "இங்கே ஓடுவது அசுத்த இரத்தம்தானே? அது சிரையில்தானே போகும்?"

இந்தக் காரணத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வரிசைக் கேள்வியில் தவறுபவர்கள் பாதையை மறந்துவிட்டதால் தவறுவதில்லை. அவர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு விதி பிழையாக இருக்கிறது. அந்த விதி, சரியாக நினைவில் இருக்கும் பாதையையும் அழிக்க வைத்துவிடுகிறது. அதனால் பாதையை மறுபடியும் மனப்பாடம் செய்வதைவிட விதியைத் திருத்துவதுதான் முதல் வேலை.

முதல் படி: தமனி, சிரை என்ற பெயர்களைத் திருத்திக்கொள்ளுங்கள்

தமனி என்றால் இதயத்தில் இருந்து வெளியே போகும் குழாய். சிரை என்றால் இதயத்துக்குள் வந்து சேரும் குழாய். இலக்கணம் இவ்வளவுதான். உள்ளே ஓடும் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, படத்தில் அதற்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த இலக்கணத்தில் வராது. என்னிடம் படிப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: தமனி தள்ளும், சிரை சேர்க்கும். த-வுக்கு த, சி-க்கு சே. இதற்குமேல் நினைவில் வைக்க வேண்டியது எதுவும் இல்லை.

'சுத்த இரத்தம், அசுத்த இரத்தம்' என்ற பழைய சொற்கள்தான் குழப்பத்தின் வேர் என்பது என் கருத்து. ஓய்வாக இருக்கும் ஒருவரின் நுரையீரல் தமனியில் ஓடும் இரத்தத்தில்கூட ஹீமோகுளோபின் ஏறத்தாழ 75 சதவீதம் ஆக்சிஜனைத் தாங்கியபடிதான் இருக்கிறது. நுரையீரலைக் கடந்த பிறகு அது 97, 98 சதவீதம் ஆகிறது. முக்கால் பங்கு ஆக்சிஜனோடு இருக்கும் இரத்தத்தை 'அசுத்தம்' என்று அழைத்தால், அது ஏதோ வேறு வகைக் குழாயில்தான் ஓட வேண்டும் என்று மாணவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆக்சிஜன் மிகுந்த இரத்தம், ஆக்சிஜன் குறைந்த இரத்தம் என்றே சொல்லுங்கள். சொல் மாறினாலே பாதித் தவறு குறைந்துவிடுகிறது.

உடலின் மற்ற இடங்களில் தமனியில் ஆக்சிஜன் மிகுந்தும் சிரையில் குறைந்தும் இருப்பது உண்மைதான். அது இலக்கணத்தின் விளைவு. உடலுக்குத் தள்ளப்படுவது நுரையீரலைக் கடந்துவந்த இரத்தம் என்பதால் அப்படி அமைகிறது. நுரையீரலுக்குத் தள்ளப்படுவதோ உடலைச் சுற்றிவந்த இரத்தம். அதனால் அங்கே நிலைமை தலைகீழ். நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம், நுரையீரல் சிரையில் மிகுந்த இரத்தம். இதை 'விதிவிலக்கு' என்று கற்பிக்கிறார்கள். தள்ளுவது தமனி என்று வைத்துக்கொண்டால் இது விலக்கே இல்லை, விதியேதான்.

இரண்டாம் படி: ஐந்து சொற்களின் சுழற்சியை எழுதுங்கள்

கேள்வித்தாளின் ஓரத்தில் இந்த ஐந்து சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்:

சிரை → மேலறை → கீழறை → தமனி → தந்துகி

தந்துகியை அடுத்து மறுபடியும் சிரை. சில நூல்களில் மேலறை ஆரிக்கிள் அல்லது ஏட்ரியம் என்றும், கீழறை வென்ட்ரிக்கிள் என்றும் இருக்கும். பெயர் எதுவானாலும் வரிசை இதுதான். ஒரு சிவப்பணு முழுச் சுற்று ஒன்றை முடிக்க இந்த ஐந்தையும் இரண்டு முறை கடக்க வேண்டும். முதல் முறை வலப்பக்கம், இரண்டாம் முறை இடப்பக்கம்:

பெருஞ்சிரை → வலது மேலறை → வலது கீழறை → நுரையீரல் தமனி → நுரையீரல் தந்துகி
நுரையீரல் சிரை → இடது மேலறை → இடது கீழறை → பெருந்தமனி → உடல் தந்துகி

இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மேல்வரியில் சிரைக்குக் கீழே சிரை, மேலறைக்குக் கீழே மேலறை, கீழறைக்குக் கீழே கீழறை. பத்துப் பெயர்களைத் தனித்தனியாக நினைவில் வைப்பது கடினம். ஐந்து சொற்களை இரண்டு தடவை சொல்வது எளிது. இதைவிட முக்கியமானது, இந்த அமைப்பு தவறைக் காட்டிக்கொடுக்கும் என்பது. எந்த விடையிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெயர்களை எடுத்து, அவை இந்தச் சுழற்சியில் அடுத்தடுத்து வருகின்றனவா என்று கேட்டால் போதும். கீழறையை அடுத்துச் சிரை வந்திருந்தால் தவறு. தமனியை அடுத்து மேலறை வந்திருந்தால் தவறு. பாதையே மறந்துபோனாலும் இந்தச் சோதனையைச் செய்ய முடியும்.

ஏன் இந்த வரிசை மாறவே முடியாது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மேலறை, வந்து சேரும் இரத்தத்தை வாங்கி வைத்துக் கீழறைக்கு இறக்கும் அறை. அதன் சுவர் மெல்லியது. தொலைவுக்குத் தள்ளும் வலு கீழறைக்குத்தான் உண்டு. தந்துகிகளின் சுவர் ஒரே ஓர் அடுக்குச் செல்லால் ஆனது. வாயுக்களும் சத்துகளும் பரிமாறுவது அங்கேதான். ஆகவே தள்ளும் குழாய்க்கும் சேர்க்கும் குழாய்க்கும் நடுவே தந்துகி இருந்தே ஆக வேண்டும். தமனியை நேராகச் சிரையோடு இணைத்து எழுதிய விடை, இரத்தம் எந்த வேலையும் செய்யாமல் திரும்பி வந்ததாகச் சொல்கிறது.

மூன்றாம் படி: பக்கத்தைச் சோதியுங்கள்

வகை சரியாக இருந்தும் விடை தவறாக இருக்கலாம். 'வலது மேலறை → இடது கீழறை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலறையை அடுத்துக் கீழறை என்பது சுழற்சிப்படி சரி. ஆனால் பக்கம் மாறிவிட்டது. இங்கே இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும்: வலமும் இடமும் எங்கே மாறுகின்றன?

பிறந்தபின் நலமாக இருக்கும் இதயத்தில் வலப்பக்க இரத்தமும் இடப்பக்க இரத்தமும் இதயத்துக்குள்ளே கலப்பதில்லை. நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறது. பக்கம் மாறுவது தந்துகிகளைக் கடக்கும்போதுதான். வலத்தில் இருந்து இடத்துக்கு வர நுரையீரல் தந்துகி. இடத்தில் இருந்து வலத்துக்கு வர உடல் தந்துகி. விடையில் 'வலது' என்ற சொல்லுக்கும் 'இடது' என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு தந்துகியோ, குறைந்தது ஓர் உறுப்பின் பெயரோ இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். சில கேள்விகளில் தந்துகிகளை விட்டுவிட்டு 'நுரையீரல் தமனி → நுரையீரல் சிரை' என்று சுருக்கித் தருவார்கள். அங்கே தந்துகி நடுவில் மறைந்திருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

வலது கீழறையில் இருந்து சுவரைத் துளைத்து இடது கீழறைக்கு இரத்தம் போகிறது என்று எழுதும் மாணவர்கள் துவண்டுவிட வேண்டாம். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் அப்படித்தான் நம்பினார். தடுப்புச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ், அந்தச் சுவரில் வழி இல்லை, இரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடப்பக்கம் வர வேண்டும் என்று எழுதினார். 1628-இல் வில்லியம் ஹார்வி இரத்தம் வட்டமாகச் சுற்றுவதை நிறுவினார். தமனிக்கும் சிரைக்கும் இடையே உள்ள இணைப்பை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்டபோதுதான் வட்டம் முழுமையானது. தந்துகியை விட்டுவிட்டு விடை எழுதும்போது, வரலாற்றில் கடைசியாகக் கிடைத்த கண்ணியைத்தான் நாம் விடுகிறோம்.

பக்கம் பற்றி இன்னும் ஒன்று. படத்தில் இதயத்தின் வலது பாகம் நம் இடது கைப்பக்கம் இருக்கும். எதிரே நம்மைப் பார்த்து நிற்பவரின் இதயமாக அதை வரைந்திருக்கிறார்கள். படத்தோடு வரும் வரிசைக் கேள்விகளில், பாதை முழுவதும் தெரிந்தும் எல்லா எண்களையும் தலைகீழாக எழுதிவிடுவது இதனால்தான். தாளைத் தொட்டவுடன் படத்தின் இடது ஓரத்தில் 'வ' என்றும் வலது ஓரத்தில் 'இ' என்றும் எழுதிவிடுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைவிடத் தெளிவாகத் தடித்திருக்கும். உடல் முழுவதற்கும் தள்ள அது சுருங்கும்போது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை எழுப்புகிறது. பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் வலது கீழறைக்கு 25 போதும். படத்தில் தடித்த சுவர் எங்கே என்று பார்த்தால், பெயர் குறிக்காத படத்திலும் இடப்பக்கம் தெரிந்துவிடும்.

நான்காம் படி: மூட்டு மூட்டாகப் பாருங்கள்

இப்போது அந்த மாணவியின் விடைக்குத் திரும்புவோம். ஒன்பது பெயர்களுக்கு இடையே எட்டு மூட்டுகள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம்.

கீழ்ப்பெருஞ்சிரை, வலது மேலறை: சிரையை அடுத்து மேலறை. சரி. வலது மேலறை, வலது கீழறை: சரி, பக்கமும் ஒன்றுதான். வலது கீழறை, நுரையீரல் சிரை: கீழறையை அடுத்துச் சிரை வர முடியாது. முதல் உடைவு. நுரையீரல் சிரை, தந்துகி: சிரை இதயத்துக்குப் போக வேண்டும், தந்துகிக்குப் போகாது. இரண்டாவது உடைவு. தந்துகி, நுரையீரல் தமனி: மூன்றாவது. நுரையீரல் தமனி, இடது மேலறை: தமனி இதயத்தை விட்டு வெளியேற வேண்டும், அறைக்குள் வர முடியாது. நான்காவது. மற்ற இரண்டு மூட்டுகளும் சரி.

எட்டில் நான்கு மூட்டுகள் உடைந்திருக்கின்றன. ஆனால் செய்த தவறு ஒன்றுதான். இரண்டு பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன. இதைக் கவனிக்காதவர்கள் நான்கு உடைவுகளையும் தனித்தனியாகச் சரிசெய்யப் போய், விடை முழுவதையும் கலைத்துவிடுவார்கள். உடைவுகள் தொடர்ச்சியாக வந்தால் அவற்றின் நடுவில் எந்தெந்தப் பெயர்கள் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். இங்கே நான்கு உடைவுகளும் சிரை, தந்துகி, தமனி என்ற மூன்று பெயர்களைச் சுற்றியே இருக்கின்றன. நடுவில் இருக்கும் தந்துகியைத் தொடாமல், இரு பக்கத்துப் பெயர்களை மட்டும் மாற்றிப் போடுங்கள். நான்கும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும்.

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெயர்கள் மாறியிருந்தால் மூன்று மூட்டுகள் உடையும். 'நுரையீரல் சிரை → இடது கீழறை → இடது மேலறை → பெருந்தமனி' என்ற விடையில் சிரைக்கும் கீழறைக்கும் இடையில் ஒன்று, கீழறைக்கும் மேலறைக்கும் இடையில் ஒன்று, மேலறைக்கும் பெருந்தமனிக்கும் இடையில் ஒன்று. மூன்று தொடர் உடைவு என்றால் பக்கத்துப் பெயர்கள் மாறியிருக்கின்றன, நான்கு தொடர் உடைவு என்றால் நடுவில் ஒன்றைவிட்டு மாறியிருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு முதலில் அதையே முயன்று பாருங்கள்.

இதைப் பலவுள் தெரிவு வினாவில் வைத்துப் பார்ப்போம். நுரையீரல் தந்துகியில் ஆக்சிஜன் ஏற்றுக்கொண்ட சிவப்பணு சிறுநீரகத்தை அடையும் பாதை எது?

அ) நுரையீரல் தமனி → இடது மேலறை → இடது கீழறை → பெருந்தமனி → சிறுநீரகத் தமனி
ஆ) நுரையீரல் சிரை → வலது மேலறை → வலது கீழறை → பெருந்தமனி → சிறுநீரகத் தமனி
இ) நுரையீரல் சிரை → இடது மேலறை → இடது கீழறை → பெருந்தமனி → சிறுநீரகத் தமனி
ஈ) நுரையீரல் சிரை → இடது மேலறை → இடது கீழறை → பெருந்தமனி → சிறுநீரகச் சிரை

அ, முதல் சொல்லிலேயே விழுகிறது. தந்துகியை அடுத்துச் சிரைதான் வர வேண்டும். ஈ, கடைசிச் சொல்லில் விழுகிறது. சிறுநீரகச் சிரை சிறுநீரகத்தைவிட்டு வெளியேறும் குழாய். ஆ கொஞ்சம் தந்திரமானது. சிரை, மேலறை, கீழறை, தமனி என்று வகை வரிசையில் எந்தக் குறையும் இல்லை. பக்கம்தான் தவறு. நுரையீரலில் இருந்து வரும் சிரைகள் இடது மேலறையில்தான் திறக்கின்றன. வகையை மட்டும் சோதிப்பவர் ஆ-வில் மாட்டிக்கொள்வார். இரண்டு சோதனைகளையும் செய்தவர் இ-க்கு வந்து சேர்வார்.

வகை சரியாகவும் பக்கம் தவறாகவும் இருக்கும் வரிசை தாளில் மட்டும் நடப்பதல்ல. சில குழந்தைகள் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிய இதயத்தோடு பிறக்கின்றன. வலது கீழறையில் இருந்து பெருந்தமனி கிளம்புகிறது. இடது கீழறையில் இருந்து நுரையீரல் தமனி கிளம்புகிறது. நம் ஐந்து சொல் சுழற்சியில் அந்த இதயத்தை எழுதிப் பாருங்கள். உடலில் இருந்து வந்த இரத்தம் வலது மேலறை, வலது கீழறை, பெருந்தமனி வழியாக மறுபடியும் உடலுக்கே போகிறது. நுரையீரலில் இருந்து வந்த இரத்தம் இடப்பக்கத்தைக் கடந்து மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. ஒரே நீண்ட வட்டமாக இருக்க வேண்டியது இரண்டு தனித்தனி வட்டங்களாகப் பிரிந்துவிட்டது. ஆக்சிஜன் ஏற்றிய இரத்தம் உடலைச் சேர்வதற்கு, இரண்டு வட்டங்களும் எங்கோ ஓரிடத்தில் கலக்கும் இடைவெளி மட்டுமே வழி. குழந்தை நீலம் பாய்ந்து பிறக்கிறது. 1975-இல் பிரேசிலைச் சேர்ந்த அதிப் ஜடேனே, அந்த இரண்டு தமனிகளையும் வெட்டி இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். விடைத்தாளில் இரண்டு பெயர்களை மாற்றிப் போட நாம் அம்புக்குறி வரைகிறோமே, ஏறத்தாழ அதே திருத்தம்தான்.

ஐந்தாம் படி: வால்வுகளைக் கடைசியில் செருகுங்கள்

வால்வுகளையும் சேர்த்து வரிசைப்படுத்தச் சொன்னால், முதலில் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு அறைகளையும் குழாய்களையும் மட்டும் வரிசைப்படுத்துங்கள். பிறகு வால்வுகளைச் செருகுங்கள். வால்வு வருவது இரண்டே இடங்களில்: மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில், கீழறைக்கும் தமனிக்கும் நடுவில். அதாவது கீழறைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெருஞ்சிரை மேலறையில் திறக்கும் இடத்திலோ நுரையீரல் சிரை திறக்கும் இடத்திலோ இந்த நான்கு வால்வுகளில் எதுவும் இல்லை. சிரையை அடுத்து வால்வு எழுதியிருந்தால் உடனே அழித்துவிடலாம்.

மூவிதழ் வால்வா, ஈரிதழ் வால்வா என்ற தடுமாற்றத்துக்குத் தமிழே வழி தருகிறது. ஈரிதழ், இடது. ஒன்று ஈ-யில் தொடங்குகிறது, மற்றது அதன் குறிலான இ-யில். மிச்சம் இருக்கும் மூவிதழ் வலப்பக்கம். ஈரிதழ் வால்வை மிட்ரல் வால்வு என்று குறிப்பிட்டிருந்தாலும் அது அதே இடப்பக்க வால்வுதான். கீழறைக்குப் பின்னால் வரும் இரண்டும் அரைச்சந்திர வால்வுகள். அவை எந்தத் தமனியின் வாயிலில் இருக்கின்றனவோ அந்தத் தமனியின் பெயரையே தாங்கியிருப்பதால் குழப்பம் வராது.

ஆறாம் படி: கேள்வி கேட்பது பாதையா, நேரமா?

நன்றாகப் படித்தவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம் இது. இதயத் துடிப்பு பற்றிய பாடத்தில் இரண்டு மேலறைகளும் ஒன்றாகச் சுருங்குகின்றன, அடுத்து இரண்டு கீழறைகளும் ஒன்றாகச் சுருங்குகின்றன என்று படிக்கிறோம். அதை மனதில் வைத்துக்கொண்டு சிலர் பாதையை இப்படி எழுதுகிறார்கள்: வலது மேலறை → இடது மேலறை → வலது கீழறை → இடது கீழறை. சுருங்கும் நேரத்தின் வரிசையாக இதில் ஓர் உண்மை இருக்கிறது. பாதையாகப் பார்த்தால் இது தவறு.

இரண்டு பக்கமும் ஒரே நொடியில் வேலை செய்கின்றன, ஆனால் வேறு வேறு இரத்தத்தின் மீது. ஓய்வில் ஒரு துடிப்புக்கு ஒவ்வொரு கீழறையும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. இந்தத் துடிப்பில் வலது கீழறை நுரையீரலை நோக்கித் தள்ளும் இரத்தமும், இடது கீழறை பெருந்தமனிக்குத் தள்ளும் இரத்தமும் வேறு வேறு. இன்று இடது கீழறையில் இருக்கும் சிவப்பணு சில துடிப்புகளுக்கு முன்பே வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரலுக்குப் போய் வந்தது. கேள்வியில் 'ஒரு சிவப்பணு', 'ஒரு துளி இரத்தம்', 'பாதை' போன்ற சொற்கள் இருந்தால் ஒரே ஓர் அணுவின் பின்னால் நடந்து போங்கள். 'இதயச் சுழற்சி', 'சுருக்கம்', 'விரிவு' போன்ற சொற்கள் இருந்தால் அசையாமல் நின்று அறைகளைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் தள்ளும் அளவு சமமாக இருப்பதும் இதையே காட்டுகிறது. வலது கீழறை நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளினால் இடது கீழறையும் 5 லிட்டர்தான் தள்ளும். அவை ஒரே வட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரண்டு நிலையங்கள். ஒன்று கூடுதலாகத் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் இரத்தம் தேங்கிவிடும்.

சுழற்சி பொருந்தாத இடங்கள்

ஐந்து சொல் சுழற்சி உடையும் ஒரு முக்கியமான இடம் கல்லீரல். குடலின் தந்துகிகளில் இருந்து வரும் இரத்தம் நேராகக் கீழ்ப்பெருஞ்சிரைக்குப் போவதில்லை. கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய், அங்குள்ள நுண்நாளங்களைக் கடந்து, கல்லீரல் சிரை வழியாகத்தான் கீழ்ப்பெருஞ்சிரையை அடைகிறது. அதாவது தந்துகி → சிரை → தந்துகி → சிரை. கேள்வியில் குடல், செரிமானமான உணவு, குளுக்கோஸ் உறிஞ்சுதல் என்று ஏதாவது இருந்தால் இந்தக் கூடுதல் நிறுத்தத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். கல்லீரல் சிரையும் கல்லீரல் போர்ட்டல் சிரையும் ஒன்றல்ல. போர்ட்டல் சிரை உள்ளே கொண்டுவருவது, மற்றது வெளியே கொண்டுபோவது.

இதயத் தசைக்கான கரோனரி ஓட்டம் விலக்கு போலத் தோன்றும், ஆனால் இல்லை. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே கரோனரி தமனிகள் கிளைக்கின்றன. தசையின் தந்துகிகளைக் கடந்த இரத்தத்தில் பெரும்பகுதி கரோனரி சைனஸ் வழியாக வலது மேலறைக்கு வருகிறது. சுழற்சி அப்படியே இருக்கிறது, தொலைவுதான் குறைவு.

கருவில் உள்ள குழந்தையின் இதயம் பற்றிய கேள்வியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு மேலறைகளுக்கும் இடையில் ஒரு திறப்பு உண்டு. நுரையீரல் தமனியில் இருந்து பெருந்தமனிக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. அதனால் நம் பக்கச் சோதனை அங்கே செல்லாது. மீனின் இதயத்திலோ ஒரே மேலறை, ஒரே கீழறை. இரத்தம் கீழறையில் இருந்து செவுள்களுக்குப் போய், இதயத்துக்குத் திரும்பாமல் உடலுக்குப் போகிறது. இரண்டு முறை எழுதிய சுழற்சியை அங்கே எழுதக் கூடாது.

பாதை தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் கேள்விகள்

பெயர்களை வரிசைப்படுத்தச் சொல்லாமலே வரிசையைச் சோதிக்கும் கேள்விகள் உண்டு. காலின் ஆழ்சிரையில் உருவான இரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு நகர்ந்தால் எந்த உறுப்பில் போய் அடைக்கும்? 'மூளை' என்று எழுதுபவர்கள் அதிகம். கட்டியின் பின்னால் நடந்து பாருங்கள். கால் சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது மேலறை, வலது கீழறை. இதுவரை வழி அகலமாகவே இருக்கிறது. அடுத்தது நுரையீரல் தமனி. அது கிளைத்துக் கிளைத்துக் குறுகிக்கொண்டே போகிறது. கட்டி மாட்டுவது அங்கே. மூளைக்குப் போக வேண்டுமானால் அது நுரையீரல் தந்துகிகளைக் கடந்து இடப்பக்கம் வந்தாக வேண்டும், அந்த வழியில் கட்டி நுழையாது. இடது மேலறையில் உருவான கட்டி என்றால் விடை மாறுகிறது. இடது கீழறை, பெருந்தமனி, கழுத்துத் தமனி வழியாக அது மூளையை அடைய முடியும்.

மற்றொரு வகைக் கேள்வி பின்னோக்கி நடக்கச் சொல்கிறது. ஈரிதழ் வால்வு சுருங்கிவிட்டால் இரத்தம் முதலில் எங்கே தேங்கும்? அடைப்பு எங்கே இருக்கிறதோ அதற்கு முந்தைய இடத்தைப் பாருங்கள். ஈரிதழ் வால்வுக்கு முன்னால் இடது மேலறை, அதற்கு முன்னால் நுரையீரல் சிரை, அதற்கும் முன்னால் நுரையீரல் தந்துகி. அங்கே அழுத்தம் ஏறி, நுரையீரலில் நீர் கசிந்து, நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது. இதே கேள்வியை மூவிதழ் வால்வுக்குக் கேட்டால், பின்னோக்கி வலது மேலறை, பெருஞ்சிரைகள், பிறகு உடல். கல்லீரல் வீங்குவதும் கால் வீங்குவதும் அந்த வரிசையில் இருந்துதான் வருகின்றன.

அந்த மாணவியிடம் பிறகு இந்த ஈரிதழ் வால்வுக் கேள்வியைத்தான் கொடுத்தேன். தாளின் ஓரத்தில் ஐந்து சொற்களை எழுதினாள், விரலை ஈரிதழ் வால்வின் மீது வைத்துப் பின்னோக்கி நகர்த்தினாள். இடது மேலறை, நுரையீரல் சிரை என்று வந்தபோது விரல் ஒரு கணம் நின்றது. இந்த முறை அவள் எதையும் அழிக்கவில்லை.